மெரூனா, பர்கண்டியா, வைனா, செங்கல் சிவப்பா? தையல்காரரிடம் நிறம் சொல்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. எதை வச்சுப் பிரிக்கிறது?

சாய்வை வைத்துப் பிரியுங்கள். நான்கும் அடங்கிய சிவப்புதான். அந்தச் சிவப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்தான் வித்தியாசம். மெரூன் பிரவுன் பக்கம் சாயும். பர்கண்டியில் ஒரு சொட்டு நீலம் கலந்திருக்கும். வைனில் அந்த நீலம் இன்னும் கூடி, ஊதாவுக்கு அக்கம்பக்கத்தில் நிற்கும். செங்கல் சிவப்பில் நீலம் இருக்காது. அதில் மஞ்சள் கலந்திருப்பதால் ஆரஞ்சுப் பக்கம் போகும், மற்ற மூன்றையும்விட வெளிறியும் இருக்கும்.

துணி அடர்த்தியாக இருந்தால் சாய்வு கண்ணுக்குப் பிடிபடாது. ஆழ்ந்த நிறங்கள் எல்லாமே கறுப்பை நோக்கிப் போவதால் ஒன்றுபோலத் தெரியும். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. புடவை முந்தானையின் ஓரத்திலோ, பிளவுஸ் துணியின் வெட்டு விளிம்பிலோ ஒரே ஒரு நூலை உருவி, வெள்ளைத் தாளில் வையுங்கள். துணியாக மடிந்து கிடந்தபோது கறுத்துத் தெரிந்தது, ஒற்றை நூலாகும்போது வெளிறித் தன் சாயலைக் காட்டிவிடும். மெரூன் நூல் புளியங்கொட்டைத் தோல் மாதிரி பழுப்பேறித் தெரியும். வைன் நூலில் பீட்ரூட் சாற்றின் ரோஸும் ஊதாவும் எட்டிப் பார்க்கும். பர்கண்டி இரண்டுக்கும் நடுவில். செங்கல் நூல் காவிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

இன்னும் சந்தேகம் என்றால் பிரவுன், ஊதா, ஆரஞ்சு என்று மூன்று நூற்கண்டுகளை எடுத்துத் துணிமேல் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். எந்த நூல் துணியோடு அதிகம் ஒட்டிப்போகிறதோ, துணி அந்தப் பக்கம் சாய்கிறது என்று அர்த்தம்.

எங்க தையல்கார அண்ணன் எல்லாத்தையும் "மெரூன்"னுதான் சொல்றார். அவருக்குப் புரியுற மாதிரி எப்படிச் சொல்றது?

அவர் சொல்வதில் தப்பில்லை. மதுரைப் பக்கம் கடைகளில் மெரூன் என்பது ஒரு குடும்பப் பெயர் மாதிரி, அடர்சிவப்பு அத்தனையும் அதற்குள் அடங்கிவிடும். பர்கண்டி என்ற சொல் பெரும்பாலும் ஆன்லைனில் வாங்கும் துணியின் சீட்டோடு வருவது, தையல் மேசையில் புழங்குவதில்லை. அதனால் பெயரை மாற்ற மல்லுக்கட்டாமல், பெயரோடு ஒரு பொருளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மெரூனுக்கு நம்மிடமே "அரக்கு" என்ற அருமையான சொல் இருக்கிறது. பட்டுக்கடையில் "அரக்கு பார்டர்" என்றால் யாரும் குழம்ப மாட்டார்கள். பார்சலுக்கு முத்திரை வைக்கும் அரக்கை நினைத்துக்கொண்டால் போதும், அதில் நீலத்தின் வாடையே இருக்காது. வைனுக்கு "பீட்ரூட் வெட்டின மாதிரி, கொஞ்சம் கறுத்தது" என்று சொல்லலாம். நாவல்பழம் என்று மட்டும் சொல்லாதீர்கள், அது நேராக ஊதாவுக்கே போய்விடும். பர்கண்டிக்குத் தனிப் பொருள் தேடாமல் "அரக்குக்கும் பீட்ரூட்டுக்கும் நடுவுல" என்பதே துல்லியம்.

குங்குமக் கலர் என்று சொல்லும் பழக்கம் இங்கே உண்டு, ஆனால் இந்த வேலைக்கு அது உதவாது. கோயில் வாசலில் விற்கும் குங்குமத்திலேயே பளிச்சென்ற சிவப்பும் இருக்கிறது, அடர்ந்த அரக்கும் இருக்கிறது. நீங்கள் ஒன்றை நினைத்துச் சொல்வீர்கள், அண்ணன் தன் வீட்டுக் குங்குமச் சிமிழை நினைப்பார்.

பர்கண்டிக்கும் வைனுக்கும் நிஜமாவே வித்தியாசம் இருக்கா? ரெண்டும் ஒயின்தானே?

பெயர் வந்த வழி ஒன்றுதான். பர்கண்டி என்பது பிரான்சின் கிழக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பகுதி, அங்கே தயாரிக்கும் சிவப்பு ஒயினின் நிறத்துக்குத்தான் அந்தப் பெயர். மெரூன் மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை. பிரெஞ்சில் ஒருவகைக் கொட்டைக்குப் பெயரான 'மர்ரோன்' என்பதிலிருந்து வந்தது, அந்தப் பழுப்புதான் மெரூனிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

துணிக் கடை வழக்கில் வைன் என்றால் ஊதா தெரிய வேண்டும், பர்கண்டி என்றால் முதலில் சிவப்பு தெரிய வேண்டும். ஆனால் இதற்குச் சட்டம் எதுவும் இல்லை. ஒரு கடையின் பர்கண்டி இன்னொரு கடையில் வைன். இரண்டும் கலந்து நிற்கும் எல்லையில் உங்கள் துணி இருந்தால் பெயருக்காக நேரம் செலவழிக்காதீர்கள். "சிவப்பு முன்னால தெரியணுமா, ஊதா முன்னால தெரியணுமா" என்று மட்டும் முடிவு செய்து அதைச் சொல்லுங்கள்.

கடையில் மெரூனா இருந்துச்சு, வெளிய வந்து பார்த்தா ஊதா அடிக்குது. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றியது பெரும்பாலும் விளக்குதான். மஞ்சள் வெளிச்சம் தரும் பல்பில் நீலக் கதிர் குறைவு. துணியில் இருக்கும் நீலத்தைத் திருப்பி அனுப்ப வெளிச்சத்தில் நீலமே இல்லாவிட்டால், பர்கண்டியும் வைனும் பழுப்பேறி மெரூன் வேடம் போட்டுவிடும். வெள்ளை டியூப்லைட்டில் இதற்கு நேர் எதிர், நீலம் தூக்கலாகத் தெரியும். விளக்கு வாங்கும் பெட்டியில் 3000 கெல்வின் என்று இருந்தால் மஞ்சள் பக்கம், 6500 கெல்வின் என்று இருந்தால் வெள்ளை நீலப் பக்கம்.

விளக்குத்தூண் பக்கமோ மாசி வீதிகளிலோ துணி எடுக்கும்போது, பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு கடை வாசல்வரை வந்து பார்ப்பதைக் கூச்சமாக நினைக்க வேண்டாம். கடைக்காரர்களுக்கு இது பழகின விஷயம். காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள், நேர் வெயில் படாத நிழலில் பாருங்கள். உச்சி வெயிலில் எந்தச் சிவப்பும் வெளிறித்தான் தெரியும்.

இதைவிடத் தொல்லையானது இன்னொன்று. பட்டுப் புடவையும் பாலியஸ்டர் லைனிங்கும் கடை விளக்கில் ஒரே நிறமாக இருக்கும், பகலில் பிரிந்துபோகும். இரண்டும் வெவ்வேறு சாயம் ஏறியவை, ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போவது இன்னொன்றில் ஒத்துப்போக வேண்டிய கட்டாயமில்லை. ஆகவே ஜோடி சேர்க்கும்போது இரண்டு வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும். பகல் முகூர்த்தத்துக்கு உடுத்துவது என்றால் பகலில் ஒத்துப்போவதை எடுங்கள். மாலை வரவேற்புக்கு மட்டும் என்றால் மண்டபத்தின் மஞ்சள் விளக்கில் ஒத்துப்போவதே முக்கியம்.

வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினா போதாதா?

தனியாகப் போட்டோ மட்டும் போதாது. திரை முழுக்கச் சிவப்புத் துணியே நிறைந்திருந்தால், ஃபோன் கேமரா அதை "அதிகச் சிவப்பு" என்று நினைத்துத் தானாகவே நிறத்தைத் திருத்தும். அதனால் அதே துணி, இரண்டு போட்டோவில் இரண்டு நிறமாக வரும்.

சன்னலோரத்தில், விளக்கை அணைத்துவிட்டு, துணிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். கேமராவுக்கு எது வெள்ளை என்று தெரிந்தால் சிவப்பும் ஓரளவு சரியாக விழும். ஜரிகையோடு ஒட்டியிருக்கும் பகுதியை எடுக்காதீர்கள், தங்கத்தின் மஞ்சள் பக்கத்தில் இருந்தால் பர்கண்டி இன்னும் ஊதாவாகத் தெரியும். ஒரு தாளில் இரண்டு விரல் அளவு ஓட்டை வெட்டி, அதைத் துணிமேல் வைத்து, அதற்குள் தெரிவதை மட்டும் பார்ப்பது நல்லது. மெல்லிய துணியை நான்காக மடித்து வையுங்கள். ஒற்றை மடிப்பில் அடியில் இருக்கும் மேசையின் நிறம் ஊடுருவித் தெரியும்.

இவ்வளவு செய்தும் அண்ணனின் ஃபோன் திரை வேறு மாதிரிக் காட்டலாம். போட்டோவை எழுத்துக்குத் துணையாக மட்டும் வையுங்கள்.

நெட்ல கலர் கோட் கிடைக்குதே, அதைச் சொல்லலாமா?

தையல்காரருக்கு வேண்டாம், உங்கள் கண்ணைப் பழக்க உதவும். இணையதள நிறப் பட்டியலில் `maroon` என்பது #800000. சிவப்பு 128, பச்சையும் நீலமும் சுழியம், அதாவது சும்மா கருத்த சிவப்பு. சிவப்பைக் கறுக்கச் செய்தாலே அது பழுப்பாகத் தெரியத் தொடங்கும். பர்கண்டிக்குப் பலரும் தருவது #800020, அதே சிவப்போடு நீலம் 32. இரண்டையும் திரையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த ஒரு சொட்டு நீலம் என்ன செய்கிறது என்று புரியும்.

வைனுக்குத் தரப்படும் #722F37 வேறு கதை. அதில் பச்சையும் நீலமும் ஏறி நிறம் மங்கியிருக்கிறது, ஊதா பெரிதாகத் தெரியாது. அது நம் கடை வைன் இல்லை. `firebrick` என்ற பெயரில் இருக்கும் #B22222-இலும் செங்கலின் ஆரஞ்சு இல்லை. ஆகவே திரைக் குறியீட்டை அப்படியே துணிக்கு மாற்ற முடியாது.

புடவையைக் கடைக்கு எடுத்துட்டுப் போக முடியாது. வெட்டிக் கொடுக்கவும் மனசு வரலை. என்ன செய்றது?

முந்தானைக் குஞ்சத்திலிருந்து அல்லது முந்தானை விளிம்பிலிருந்து நாலைந்து நூல் எடுங்கள், புடவைக்கு ஒன்றும் ஆகாது. அவற்றைச் சேர்த்து முறுக்கி ஒரு வெள்ளை அட்டையில் செல்லோடேப் போட்டு ஒட்டுங்கள். டேப் நூலின் இரண்டு முனையிலும்தான் வர வேண்டும். நடுவில் டேப் மூடினால் பளபளப்பில் நிறம் மாறிவிடும். அட்டையின் பின்பக்கம் "பகல் வெளிச்சத்தில் பார்க்கவும், பிளவுஸ் துணியும் லைனிங்கும்" என்று எழுதிவிடுங்கள்.

பட்டுப் புடவை நேரா பார்த்தா மெரூன், மடிச்சா ஊதா. எதைச் சொல்றது?

அது டபுள் ஷேட். நெட்டு நூல் ஒரு நிறம், குறுக்கு நூல் இன்னொரு நிறம். சிவப்புப் பாவில் நீல ஊடை போட்டால் நேராகப் பார்க்கும்போது சிவப்பு, மடிப்பில் நீலம் தூக்கி ஊதா. இதற்கு மெரூன் என்றோ வைன் என்றோ ஒரு பெயர் சொன்னால் பாதிப் பிளவுஸ் பொருந்தாது.

விளிம்பில் ஒரு நெட்டு நூலும் ஒரு குறுக்கு நூலும் உருவி, தனித்தனியாக ஒட்டிக் கொடுங்கள். பிளவுஸ் துணியும் டபுள் ஷேட்டில் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், தோளில் முந்தானை விழும் இடத்தில் எந்த நிறம் அதிகம் தெரிகிறதோ அந்த நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். இன்னொரு நிறத்தைப் பைப்பிங்குக்கு எடுக்கலாம். வெட்டும்போது கை, முதுகு, முன்பக்கம் எல்லாம் ஒரே திசையில் வர வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். துணி மிச்சம் பிடிக்க ஒரு கையைக் குறுக்காகத் திருப்பிப் போட்டு வெட்டினால், தைத்த பிறகு ஒரு கை ஒரு நிறம், இன்னொரு கை வேறு நிறம்.

வைன் கலர் ஜார்ஜெட் வாங்கியிருக்கேன். லைனிங்க அண்ணனே வாங்கிப் போடுறேங்கிறார். மெரூன் லைனிங் போட்டா பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள். இந்த நான்கு நிறங்களில் நடக்கும் தவறுகளில் அதிகமானது இதுதான்.

ஜார்ஜெட் ஊடுருவித் தெரியும் துணி. மேலே வைன், அடியில் மெரூன் என்றால் அடியில் இருக்கும் பழுப்பு மேலே ஏறி, வைனின் ஊதாவை அமுக்கிவிடும். பிளவுஸ் தைத்து வந்ததும் அது வைனாக இருக்காது, பழசான அரக்காக இருக்கும். கை மட்டும் லைனிங் இல்லாமல் தைத்திருந்தால் இன்னும் மோசம். கை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம் என்று இரண்டாகப் பிரிந்து தெரியும். கறுப்பு லைனிங் போட்டால் நிறமே செத்துவிடும். வெள்ளையோ ஸ்கின் கலரோ போட்டால் ரோஸ் அடிக்கும்.

சரியானது, மேல் துணியைவிட ஒரு படி மட்டும் அடர்ந்த வைன் காட்டன் லைனிங். கடையில் லைனிங்கை விரித்து, அதன்மேல் ஜார்ஜெட்டின் ஒற்றை மடிப்பைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இங்கே செல்லாது, மேலே போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

திருமங்கலத்தில் இருந்துகொண்டு மதுரையில் இருக்கும் அண்ணனுக்கு எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதலாம்:

"அண்ணே, ஜார்ஜெட் பிளவுஸுக்கு லைனிங் ஒரு மீட்டர் வாங்கணும், காட்டன். கலர் வைன்: பீட்ரூட் வெட்டின மாதிரி ஊதா தெரியணும், கொஞ்சம் கறுத்தது. அரக்கு வேண்டாம்ணே, பிரவுன் அடிச்சிரும். துணியைவிட ஒரு படி டார்க்கா இருந்தா சரி, லைட்டா மட்டும் வேண்டாம். ஜார்ஜெட்டை லைனிங் மேல போட்டுப் பகல் வெளிச்சத்துல பார்த்துட்டு வெட்டுங்க. கைக்கும் லைனிங் உண்டு. வெட்டுறதுக்கு முன்னால தண்ணில நனைச்சுக் காயப் போட்ருங்க."

இதில் "அரக்கு வேண்டாம்" என்ற வரிதான் வேலை செய்யும். எது வேண்டும் என்பதைவிட எது ஆகாது என்பதைத் தையல்காரர் மறக்க மாட்டார். நனைக்கச் சொன்னதற்கு இரண்டு காரணம். காட்டன் லைனிங் முதல் நனைப்பில் சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் மேல் துணி சுருக்கம் விழுந்து தொங்கும். அடர்சிவப்புச் சாயம் இறங்கும் துணி என்றால், அந்த வாளித் தண்ணீரிலேயே தெரிந்துபோகும்.

நூலுக்கும் இவ்வளவு பார்க்கணுமா?

இவ்வளவு வேண்டாம். நூற்கண்டாக இருக்கும்போது நூல் கறுத்துத் தெரியும், ஒற்றை இழையாகத் தைக்கும்போது வெளிறும். கண்டை வைத்துப் பார்க்காமல் ஒரு முழம் நூலை அவிழ்த்துத் துணிமேல் கிடத்திப் பாருங்கள். சரியாகப் பொருந்துவது கிடைக்காவிட்டால் அரைப் படி அடர்ந்ததை எடுங்கள். மெரூனுக்கும் பர்கண்டிக்கும் ஒரே நூல் போட்டாலும் உள்தையலில் யாருக்கும் தெரியப்போவதில்லை. வெளியே தெரியும் மேல்தையல், கையால் போடும் ஹெம்மிங், புடவை ஃபால்ஸ் இந்த மூன்றுக்கும் மட்டும் கவனம் போதும்.

கண்டின் அடியில் ஒட்டியிருக்கும் ஷேட் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். அந்த எண் அந்தக் கம்பெனிக்கு மட்டும்தான் பொருந்தும், வேறு கம்பெனியில் அதே எண் பச்சையாகக்கூட இருக்கலாம். 2x2 பிளவுஸ் துணியின் ஷேட் கார்டுக்கும் இதே கதைதான். ஒரே எண்ணாக இருந்தாலும் வேறு வேறு சாயத் தொட்டியில் நனைத்த துணி கொஞ்சம் மாறும். அதனால் ஒரே பிளவுஸுக்கு வேண்டிய துணியை ஒரே தடவையில், ஒரே துணிச் சுருளிலிருந்து வெட்டி வாங்குங்கள்.

செங்கல் சிவப்புன்னு சொன்னேன், ஆரஞ்சு துணி எடுத்துட்டார். யார் மேல தப்பு?

செங்கல்மேல்தான். சூளையில் சரியாக வேகாத கல் வெளிறின ஆரஞ்சாக இருக்கும், தீ அதிகம் பட்ட கல் கருஞ்சிவப்பாக ஊதா தட்டி இருக்கும். அண்ணன் மனசில் எந்தக் கல் இருந்ததோ! "நல்லா வெந்த செங்கல், காவி இல்லை" என்று சொன்னால் பெரும்பாலும் சரியாக வரும். காவியில் மஞ்சள் இன்னும் அதிகம். ரஸ்ட் கலர் என்று விற்பதில் ஆரஞ்சும் பிரவுனும் கூடுதல்.

கேட்கும் விதத்தில் இன்னொரு சின்ன உத்தி: துணியை ஒரு மெரூன் துணிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மெரூனுக்குப் பக்கத்தில் செங்கல் சிவப்பு சட்டென்று வெளிச்சமாக, சூடாகத் தெரிய வேண்டும். அப்படித் தெரியாவிட்டால் அது வெளிறிப்போன மெரூன், செங்கல் இல்லை.

மெரூன் பைப்பிங்கைச் செங்கல் பிளவுஸுக்குப் போட விரும்பினால் யோசித்துப் போடுங்கள். இரண்டும் நெருக்கமாகவும் இல்லாமல் எதிராகவும் இல்லாமல் அழுக்குப் பட்டது போல் தெரியும். ஆஃப் ஒயிட்டோ பாட்டில் பச்சையோ எடுத்துக் காட்டும்.

அம்மாவோட பழைய அரக்குச் சுங்குடிக்குப் புது பிளவுஸ். புதுசா மெரூன் எடுத்தா பொருந்தலையே?

பழைய துணியில் நிறம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. வெயிலும் சோப்பும் பட்ட இடம் வெளுத்திருக்கும், இடுப்பில் சொருகும் உள்பகுதி கிட்டத்தட்டப் புதிது மாதிரி இருக்கும். சாயக் கலவையில் ஒன்று மற்றதைவிட முந்தி வெளுத்தால், அடர்த்தியோடு சேர்ந்து சாய்வும் மாறும். அரக்காக இருந்தது செங்கல் பக்கமோ ரோஸ் பக்கமோ நகர்ந்திருக்கும்.

உள்பகுதியைப் பார்த்துத் துணி எடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. பிளவுஸ் பக்கத்தில் வந்து நிற்பது மாராப்பும் முந்தானையும்தான், அங்கே இருக்கும் நிறத்துக்கு எடுங்கள். புதுத் துணி நாலு சலவையில் கொஞ்சம் இறங்கும் என்பதால், முந்தானையைவிட அரைப் படி அடர்ந்திருந்தால் போகட்டும். சுங்குடியின் வெள்ளைப் புள்ளி கண்ணை ஏமாற்றும், ஓட்டை வெட்டின தாளை வைத்து இரண்டு புள்ளிக்கு நடுவில் இருக்கும் அடிநிறத்தை மட்டும் பாருங்கள்.

தைச்சு வந்தப்புறம்தான் கலர் தப்புன்னு தெரிஞ்சா?

பிளவுஸ் துணியே தப்பு என்றால் சாயம் போட்டுச் சரி செய்யப் பார்க்காதீர்கள். தைத்த பிளவுஸில் நூல், லைனிங், கேன்வாஸ், துணி நான்கும் நான்கு விதமாகச் சாயம் குடிக்கும். பாலியஸ்டர் நூல் சாயத்தை ஏற்காமல் பழைய நிறத்திலேயே கோடு கோடாக நிற்கும். லைனிங் மட்டும் தப்பு என்றால் மாற்றலாம், ஆனால் மேல் துணியையும் லைனிங்கையும் சேர்த்து ஒன்றாகத் தைத்திருந்தால் அண்ணன் முழுசும் பிரிக்க வேண்டியிருக்கும், ஜார்ஜெட்டில் ஊசித்துளை தெரியும். டார்ட் பிடிப்பதற்கு முன், வெட்டின லைனிங்மேல் துணியைப் போட்டு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் கட்டத்தில் மாற்றினால் நஷ்டம் ஒரு மீட்டர் லைனிங் மட்டும்தான்.